போயா தினத்து அறைத்தோழி

எனக்குப் பேச்சு வராது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது பொய். பேச்சு வரும், ஆரம்பிக்கத்தான் வராது. யாராவது ஆரம்பித்து வைத்தால் நானும் வாய் மூடாமல் பேசுவேன். ஆனால் புதிய அறைக்குள் பையோடு நுழைந்து, அங்கே ஏற்கெனவே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து முதல் வார்த்தை சொல்வது இருக்கிறதே, அதைவிடத் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறச் சொன்னாலும் ஏறிவிடுவேன்.

கண்டியில் ஒருமுறை இதனாலேயே தோற்றுப் போய் வந்தேன். ஒரு கடையில் வேலை கிடைத்து, போர்டிங் அறையொன்றில் சேர்ந்தேன். உள்ளே மூன்று பெண்கள். நான் போன நேரம் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள், குனிந்துகொண்டார்கள். அவர்கள் இருந்த இடத்துக்கு நான்தான் வந்தேன், ஆகவே நான்தான் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் புதியவள், அவர்கள்தான் என்னை வாவென்று சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். முதல் நாள் ஹலோ சொல்லத் துணிச்சல் மட்டும் போதும். இரண்டாம் நாள் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அதையும் விட்டுவிட்டால், நேற்றெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவர்கள் நினைப்பார்களே என்ற வெட்கம் சேர்ந்துகொள்ளும். நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன், சுவரைப் பார்த்தே தூங்கினேன். ஒரு மாதம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊர் எல்கடுவ பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தோட்டத்தில் கொழுந்து எடுத்து என்னை உயர்தரம் வரை படிக்க வைத்தவள் அவள். அவளுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். நான் மலைக்குக் கூடையோடு போகக் கூடாது. மாத்தளை டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு மறுபடி வேலை கிடைத்தபோது அவள் சொன்னாள்:

"இந்தத் தடவையும் திரும்பி வந்தீனா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அதோட சரி. அப்பறம் நீயும் என்கூட மலைக்கு வரவேண்டியதுதான்."

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அலுவிகாரையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை. இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு மேசை, கூடவே ஒரு குட்டி சமையல் மூலை. கடையில் வேலை செய்யும் ஒருவர் மூலமாகத்தான் ஏற்பாடு. வீட்டுக்காரி ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர். போனில் பேசும்போது, பௌர்ணமிப் போயா லீவு நாளில் வந்து சாமான்களை வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்று தான் புத்த பன்சலைக்குப் போய் சில் எடுத்து விரதமிருப்பதால் வீட்டில் இருக்க மாட்டேன், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், அறையில் இருக்கப் போகும் மற்றப் பிள்ளையும் அன்றைக்கே வருகிறாள் என்றார். அந்தப் பிள்ளை யார், எவர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா மாத்தளை வரை என்னோடு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், தான் டவுனிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள்.

"ஏம்மா, வந்து ரூமைப் பாரேன்."

"எனக்கு சிங்களம் வராது. நான் வந்து பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நின்னா, உன்னையும் அப்பிடித்தான்னு நெனப்பாங்க. நீ போ. கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி போன் போடுறேன். இருக்கியா, வாறியான்னு அப்பவே சொல்லிடு."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பஸ் ஸ்டாண்டு பைப்பில் முகம் கழுவினேன். வேர்வையில் ஏற்கெனவே தளர்ந்திருந்த ஸ்டிக்கர் பொட்டு தண்ணீரோடு போய்விட்டது. வேறு பொட்டு பையின் அடியில் எங்கேயோ. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலுவிகாரையில் இறங்கியபோது பன்சலை ஒலிபெருக்கியில் பிரித் ஓதுவது கேட்டது. ரோட்டில் வெள்ளை உடுப்பு அணிந்த கூட்டம். பக்கத்து வீட்டு மாமி என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். படியேறும்போதே குழாய் எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, குப்பை எந்த நாள் எடுப்பார்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். எல்கடுவக் கடைவீதியிலும் மாத்தளை கம்ப்யூட்டர் வகுப்பிலும் பழகிய சிங்களம், தண்ணீர் மாதிரி ஓடும். தெரியாத விஷயத்தைக் கேட்க எனக்குக் கூச்சமே இல்லை. ஹலோ சொல்லத்தான் கூச்சம். மாமி கதவைத் தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கதவு திறந்தது. தலைக்குக் குளித்து, ஈரமுடியில் துவாய் சுற்றி, நீளப் பாவாடையும் டீ-ஷர்ட்டுமாக ஒருத்தி. கதவின் பின்னால் நின்று நானும் மாமியும் பேசிய சிங்களத்தை எல்லாம் கேட்டிருக்கிறாள். முகம் முழுக்கச் சிரித்தாள்.

"ஹலோ நங்கி!" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. என் கையிலிருந்த பெரிய பையைத் தானே வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே காலை வைப்பதற்குள் இரண்டு மூன்று கேள்வி கேட்டு முடித்திருந்தாள். படி ஏறக் கஷ்டமா, வெயிலா, தண்ணீர் குடிக்கிறீங்களா? எல்லாம் சிங்களத்தில். நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது. யாரோ ஒருத்தி ஆரம்பித்து வைத்துவிட்டாள்.

ஜன்னல் பக்கக் கட்டிலில் அவளுடைய தலையணை கிடந்தது. என் கண் ஒரு கணம் அங்கே போயிருக்க வேண்டும். உடனே அவள், காலையில் வந்ததால் சும்மா போட்டேன், உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் வேண்டாம் என்றேன். இல்லை எடுங்கள் என்றாள். ஐயோ வேண்டாம் என்றேன். இந்தக் கட்டில் உபசாரம் கொஞ்ச நேரம் நடந்து, கடைசியில் அவள் தலையணை இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் நாளில் விட்டுக்கொடுப்பதும் வாங்க மறுப்பதும் ஒரு சடங்கு. யாரும் உண்மையிலேயே கட்டிலை மாற்றிக்கொள்வதில்லை. அலுமாரியில் கீழ்த்தட்டுகளை எனக்கென்று காலியாக விட்டிருந்தாள். சுவரில் ஒரே ஒரு பிளக். அதில் செருகியிருந்த தன் சார்ஜரைக் கழற்றிவிட்டு என் போனைக் கேட்டாள். கண்டி அறையில் பிளக்கைக் கேட்க முடியாமல் நான் கடையில் போனை சார்ஜ் செய்துகொண்டு வந்தது ஞாபகம் வந்தது.

பேர் கேட்டோம். எங்கள் நாட்டில் பேர் என்றால் பாதி விசாரணை முடிந்த மாதிரி. இன்ன இனம், இன்ன சமயம் என்று அதுவே சொல்லிவிடும். அன்றைக்கு அதுவும் காலை வாரியது. அவள் சொன்னது வீட்டில் கூப்பிடும் செல்லப்பேர். யாருக்கும் பொருந்தும். என் பேரும் அப்படித்தான், சிங்களப் பிள்ளைக்கும் வைப்பார்கள், தமிழ்ப் பிள்ளைக்கும் வைப்பார்கள். ஊர் கேட்டேன். தம்புள்ளை என்றாள், அப்பாவைச் சிங்களத்தில் தாத்தா என்றே சொல்லி, அவருக்கு அங்கே மரக்கறி வியாபாரம் என்றாள். உர நிறுவனமொன்றின் ஆபீசில் அவளுக்கு வேலை. அவள் ஊர் கேட்டாள். எல்கடுவ என்றேன். எல்கடுவவில் தோட்டமும் இருக்கிறது, சிங்களக் கிராமமும் இருக்கிறது. அவள் கிராமத்தை எடுத்துக்கொண்டாள். நான் தம்புள்ளைச் சிங்களத்தியை எடுத்துக்கொண்டேன். வயதை விசாரித்ததில் அவள் எனக்கு ஒரு வயது மூத்தவள் என்று தெரிந்து, நங்கி, அதாவது தங்கச்சி, என்பது உறுதியாயிற்று.

அடுத்த கேள்வி சாப்பாடு. அங்கேதான் வினை பிடித்தது.

என் பையில் அம்மா கட்டிக் கொடுத்த பார்சல் இருந்தது. போயாவன்று இறைச்சிக் கடை மூடியிருக்கும் என்று முதல்நாளே கோழி வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, வாழை இலையில் சோற்றோடு கட்டியிருந்தாள். போகிற இடத்துப் பிள்ளைக்கும் கொடு, சாப்பாட்டைப் பார்த்தால் பேச்சு தன்னால் வரும் என்று இரண்டு பேருக்குக் கட்டினாள். நானும் அந்தப் பார்சலைத்தான் பெரிய தைரியமாகச் சுமந்து வந்தேன். இப்போது எப்படித் திறப்பது? வெளியே பிரித் ஓதுகிறது. வீட்டுக்காரி சில் எடுத்திருக்கிறார். இவளோ பௌத்தப் பிள்ளை, முதல் நாளிலேயே போயாவும் அதுவுமாக அவள் மூக்குக்கு நேரே கோழிப் பொரியலைப் பிரித்தால் என்ன நினைப்பாள்? சாப்பிட்டாயா என்று அவள் கேட்டதும், வரும்போதே சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க?" என்று நான் கேட்டேன்.

தானும் சாப்பிட்டுவிட்டதாக அவள் சொன்னாள். அவள் கண் ஏனோ மேசைக்குக் கீழே இருந்த ஒரு டப்பாப் பக்கம் போய் வந்தது.

கேத்தலில் தண்ணீர் சுட வைத்தாள். பிளேன்டீயும் க்ரீம் கிராக்கரும் எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்த இரண்டு பேர் அவ்வளவு பிஸ்கட் தின்பதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பாக்கெட் முடிந்ததும் அவள் கூச்சத்தோடு இன்னொன்றை உடைத்தாள். என் வயிறு சத்தம் போட்டது. ஜன்னலைத் திறக்கிற சாக்கில் எழுந்து நின்று அதை மறைத்தேன்.

பின்னேரம் ஆக ஆக எனக்குள் பழைய பயம் வந்தது. அவள் நல்லவள்தான். ஆனால் எனக்குச் சிங்களத்தில் குழாயைப் பற்றிப் பேச வரும், பஸ்ஸைப் பற்றிப் பேச வரும். மனதுக்குள் இருப்பதைப் பேச வராது. இரவில் விளக்கை அணைத்த பிறகு அம்மாவைத் தேடுகிறது என்று எந்தச் சிங்களத்தில் சொல்வேன்? ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே ஒருமுறை சரிபார்த்து வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரத்துக்கே தாடை வலித்தது. வருஷக்கணக்கில் எப்படி இருப்பது? நான் குளிக்கப் போய்விட்டு வந்தேன். அவள் ஏதோ துணியை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆக, திரும்பவும் சுவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த நேரம் அம்மாவின் போன் வந்தது.

அறைத்தோழி கட்டிலில் உட்கார்ந்து முடி சீவிக்கொண்டிருந்தாள். வெளியே போய்ப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத்தான் தமிழ் தெரியாதே.

"என்னா புள்ள? பஸ் நிக்கிது. இருக்கியா, வாறியா?"

"நான் வாறேம்மா" என்றேன். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்தப் புள்ள தங்கமான புள்ளம்மா. பையைக் கூட தூக்கிக்கிச்சு, பிளக்கைக் கூட கழட்டிக் குடுத்துச்சு. ஆனா வந்ததுல இருந்து சிங்களத்துலயே பேசிப் பேசி எனக்கு வாயெல்லாம் நோவுது. பசி உசுரு போகுது. போயான்னு உன் கோழியைத் திறக்கவே இல்ல. பிஸ்கட்டாத் தின்னு வயிறு காஞ்சு கெடக்கு. நல்ல புள்ளதான், ஆனா நான் யாருகிட்டம்மா பேசுவேன்?"

சீப்பு நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. நான் அழுகிறேன் என்பதால்தான் பார்க்கிறாள் என்று நினைத்து முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"என்கிட்ட பேசுங்களேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில் சொன்னது.

திரும்பினேன். அவள் ஒரு கையில் சீப்பும் மறு கையால் வாயைப் பொத்தியபடியுமாக இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அல்லாஹ்வே, நீங்க தமிழா? நானும் பசியில செத்துட்டு ஈக்கிறேன்! நீங்க போயாப் பிடிக்கிற ஆள்னு நெனச்சு, உம்மா தந்த இறைச்சி ரோல்ஸை மேசைக்குக் கீழ ஒளிச்சு வெச்சிட்டு, நானும் பிஸ்கட்டைத் தின்னுட்டு ஈக்கிறேன்!"

நான் போனைக் காதில் வைத்தபடியே வாயைப் பிளந்து நின்றேன்.

"அங்க யாரு பேசுறது?" என்று அம்மா கத்தினாள். "தமிழ் கேக்குதே?"

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். பையை வாங்கிய அதே உரிமையோடு.

"மாமி, நான்தான் ரூம்ல இருக்கிற மத்தப் பிள்ளை. நாங்க ரெண்டு பேரும் மடச்சிகள் மாமி. ஒண்ணு கேக்கணும், தப்பா எடுக்க வேணாம். அந்தக் கோழி எந்தக் கடையில வாங்கினீங்க?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி ஏனென்று உடனே விளங்கிவிட்டது. ஹலாலா என்று கேட்கிறாள் என்பது புரிய எனக்குத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது.

"முஸ்லிம் நானா கடையிலதான்மா. அறுத்து வெச்சதை நேத்தே வாங்கினேன். தைரியமா சாப்பிடு."

"அப்ப சரி மாமி. என்ட ரோல்ஸ் மாட்டிறைச்சி. உங்க மகள் திங்குமா?"

"அவ மாடு திங்க மாட்டா."

"அது பரவால்ல, அதை நான் தின்னுடுவேன். அவங்களுக்கு இனிப்பா வட்டிலப்பம் ஈக்கி."

அம்மா சிரித்தாள். நான் கண்டியிலிருந்து திரும்பி வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். பின்னணியில் கண்டக்டர் எல்கடுவ எல்கடுவ என்று கத்துவதும் கேட்டது. அம்மா அவசர அவசரமாகச் சொன்னாள். என்னிடம் அல்ல, அவளிடம்.

"இந்தாம்மா புள்ள. அவளுக்கு ஆரம்பிக்க வராது. பேசாம இருந்தா கோவம்னு நெனச்சிடாத. நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இரு. அவ தன்னால வந்துருவா."

"சரி மாமி, நான் பேசுறேன். எனக்கு வாய் மூடத்தான் ஏலா."

போன் கட்டாகிவிட்டது. இருக்கிறாயா வருகிறாயா என்று அம்மா மறுபடி கேட்கவே இல்லை. பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வாழை இலையைத் தரையில் விரித்து, இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம். கை காய்வதற்குள் பாதி வாழ்க்கையைச் சொல்லி முடித்தோம். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவசரமாக அஸர் தொழுததாகவும், மெத்தைக்கு அடியில் மறைத்தது தொழுகைப் பாய் என்றும் சொன்னாள். இதற்கு முன் இரண்டு இடத்தில் போனில் அறை இருக்கிறது என்று சொல்லி, நேரில் அவளுடைய ஹபாயா அங்கியைப் பார்த்ததும் இல்லை என்றிருக்கிறார்கள். முதல் நாளே யாரையும் மிரள வைக்க வேண்டாம், மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று உம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. அம்மா பஸ் ஸ்டாண்டோடு நின்றுகொண்டதை நான் சொன்னேன். அவள் எலும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் போன்ல பேசினப்ப முதல் சொல்லுலயே தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னைப் பத்தி என்ன செல்றீங்கன்னு கேக்க ஆசையா ஈந்திச்சி" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்காரி வெள்ளைச் சேலையோடு படியேறி வந்தார். அறை முழுக்கக் கோழி மணம். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று திருட்டு முழி முழித்தோம். அவர் இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சில் எடுத்தது நான்தானே, நீங்கள் இல்லையே என்றார் சிங்களத்தில். பிறகு, தமிழ் பேசுகிற இரண்டு பிள்ளைகள் ஒன்றாக இருந்தால் பேச்சுத் துணையாக இருக்கும் என்றுதான் உங்களை ஒரே அறையில் போட்டேன், நன்றாகப் பேசிக்கொண்டீர்களா என்று கேட்டார். அவள் என் இடுப்பைக் கிள்ளினாள். நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி பயந்தே போனார்.

அந்த அறையில் அவள் கல்யாணம் முடித்துப் போகும்வரை சேர்ந்திருந்தோம். என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பேசியது அங்கேதான். காலையில் கண் விழிக்கும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள். ஆபீஸ் மேனேஜரைத் திட்டுவாள், வாப்பாவின் லொறி பழுதானதைச் சொல்லுவாள், நோன்புக்கு என்னையும் எழுப்பிவிட்டுச் சாப்பிட வைப்பாள். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும் நாட்களில் என்ன என்று கேட்கவே மாட்டாள். தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள். எந்த இடத்தில் என்று தெரியாமல் நானும் பேச ஆரம்பித்திருப்பேன். அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. பிளேன்டீயும் ஒற்றைப் பிளக்கும் தவிர வேறொன்றும் இல்லாத அறை. அது திரும்பக் கிடைக்காதா என்று ஏங்குகிறேன்.

போன வருஷம் அம்மா தவறிவிட்டாள். தோட்டத்து லய வீட்டு வாசலில் கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழவும் வரவில்லை, பேசவும் வரவில்லை. கட்டை மாதிரி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழு, அழு என்று பெண்கள் என்னை உலுக்கினார்கள்.

மத்தியானம் அவள் தம்புள்ளையிலிருந்து வந்து சேர்ந்தாள். கைக்குழந்தையை அவள் கணவரிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழச் சொல்லவும் இல்லை. மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள். வரும் வழியில் மழை என்றாள். நாலந்தையில் ரோடு உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றாள். மகன் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்ட கதையைச் சொன்னாள். சாவு வீட்டில் இதென்ன பேச்சு என்று ஒருத்தி முறைத்தாள். அவள் நிறுத்தவில்லை. லொறி, கத்தரிக்காய், மாமியாரின் முழங்கால் என்று பேசிக்கொண்டே இருந்தாள். யார் சொன்னதை அவள் செய்துகொண்டிருக்கிறாள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்பறம் சப்பாத்தை எப்பிடி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.